பழைய வாடிக்கையாளரை விளம்பரத்திலிருந்து விலக்குவது: ஒரு கடலூர் முந்திரிக் கடையின் கணக்கில் செய்த வேலை

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியை 250 கிராம், அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டுகளாக விற்கிறார்கள். கவுன்டர் வியாபாரம் ஒரு பக்கம், இணையதளமும் வாட்ஸ்அப்பும் இன்னொரு பக்கம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் கடலூர், புதுச்சேரி, சென்னைக்குப் போகிறது. புதிய ஆட்களைக் கொண்டுவருவதற்கென்றே அதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள். ஆனால் ஆர்டர் போட்டவர்களின் போன் எண்களைப் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டால், பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஏற்கெனவே வாங்கியவர்கள்.

இதற்குக் காரணம் விளம்பரத்தை யாரோ தப்பாக அமைத்தது அல்ல. 'வாங்கக்கூடியவரைக் கண்டுபிடி' என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவிடம் சொன்னால், அது வாங்கும் வாய்ப்பு அதிகமுள்ளவரைத் தேடும். இந்தக் கடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அரை கிலோ வாங்குகிறவரைவிட அந்த வாய்ப்பு யாருக்கு அதிகம்? எதுவும் சொல்லாமல் விட்டால் சிஸ்டம் முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான். அவர் எப்படியும் வாங்கியிருப்பார். அந்த ஆர்டரும் விளம்பரத்தின் கணக்கில் வரவாகிவிடும்.

வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகும் விளம்பரத்தில் இது இன்னும் மோசம். பழைய வாடிக்கையாளர் கடை எண்ணைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். கண்ணில் பட்ட விளம்பரத்தைத் தட்டி, 'அண்ணே, போன தடவை வாங்கினதே அரை கிலோ அனுப்புங்க' என்று எழுதிவிடுவார். அவருக்கு அது மறு ஆர்டர் பொத்தான். அந்த விளம்பரத்தை அவருக்குக் காட்டக் கடை காசு கொடுக்கிறது.

முதலில் அளவு எடுப்பது

விலக்குவதற்கு முன்னால் இப்போது எவ்வளவு பணம் பழையவர்களிடம் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விலக்கினால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

இணையதள ஆர்டருக்கு விளம்பர லிங்கில் விளம்பரத்தின் பெயரைச் சொல்லும் `utm_campaign` இருந்தால் போதும், எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று ஆர்டரிலேயே பதிவாகும். வாட்ஸ்அப் ஆர்டருக்கு அந்த வழி இல்லை. அதற்கு, விளம்பரத்தைத் தட்டியதும் தானாக எழுதப்பட்டு நிற்கும் முதல் செய்தியில் ஒரு சின்னக் குறியீடு வையுங்கள்: 'முந்திரி விலை வேணும் – K1' என்பது போல. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வேறு குறியீடு. சிலர் அதை அழித்துவிட்டு எழுதுவார்கள். அப்போதும் சாட்டின் தலைப்பில் எந்த விளம்பரம் என்று தெரியும். கவுன்டர் பையன் அதைப் பார்த்து ஒரு லேபிள் போட்டால் மாதக் கடைசியில் எண்ண முடியும்.

பிறகு எல்லா வழியில் வந்த ஆர்டர்களையும் ஒரே ஷீட்டில் கொண்டுவர வேண்டும். முதல் நெடுவரிசையில் தேதியும் நேரமும், இரண்டாவதில் சுத்தம் செய்த போன் எண். அதற்குப் பக்கத்தில் இந்த ஃபார்முலா:

```
=IF(COUNTIFS(B:B,B2,A:A,"<"&A2)=0,"புதியவர்","பழையவர்")
```

இந்த ஆர்டருக்கு முன்னால் அதே எண்ணில் வேறு ஆர்டர் உண்டா என்று மட்டும்தான் இது பார்க்கிறது. தேதி மட்டும் இருந்து நேரம் இல்லையென்றால், ஒரே நாளில் இரண்டு முறை ஆர்டர் போட்டவர் இரண்டு புதியவராகத் தெரிவார். அதனால் நேரமும் வேண்டும்.

கணக்கு எளிதாகப் புரிய முழு எண்களில் சொல்கிறோம். மாதம் ₹60,000 செலவு, விளம்பரம் வழியாக 150 ஆர்டர். விளம்பரத் திரையில் ஓர் ஆர்டருக்கு ₹400 என்று காட்டும். அந்த 150-ல் 66 பேர் பழையவர்கள், 84 பேர்தான் புதியவர்கள் என்று ஷீட் சொன்னால், புது வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிக்க ஆன உண்மைச் செலவு ₹714. இந்த இரண்டாவது எண்ணைக் குறைப்பதுதான் வேலை. முதல் எண் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பட்டியலைச் சுத்தம் செய்வது

இந்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். மெட்டாவோ கூகுளோ நீங்கள் தரும் எண்ணைத் தங்களிடம் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. ஒப்பிடுவது எண்ணின் ஹாஷ் வடிவத்தை, அதாவது எண்ணிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் மாற்றுக் குறியீட்டை. ஓர் இலக்கம் மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். கிட்டத்தட்டப் பொருந்துவது என்று ஒன்று அங்கே கிடையாது.

எண்கள் வருவது மூன்று இடத்திலிருந்து: கவுன்டர் பில்லிங் சாஃப்ட்வேர், இணையதள ஆர்டர்கள், வாட்ஸ்அப் பிசினஸில் வாங்கியவர்கள் என்று லேபிள் போட்ட தொடர்புகள். பெரிய ஆன்லைன் சந்தைகளில் விற்றால் அங்கே வாங்கியவரின் சொந்த எண் பொதுவாகக் கடைக்குக் கிடைக்காது. அவர்களை விலக்கவும் முடியாது.

இந்த மூன்றிலும் எண் மூன்று மாதிரி எழுதப்பட்டிருக்கும்: +91 போட்டு, முன்னால் 0 போட்டு, நடுவில் இடைவெளி விட்டு. எல்லாவற்றின் முன்னாலும் 91 ஒட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். கடலூர், புதுச்சேரிப் பட்டியலில் அப்படிச் செய்தால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஒன்று, லேண்ட்லைன். கடலூருக்கு 04142, புதுச்சேரிக்கு 0413. முன்னால் உள்ள 0-ஐ எடுத்துவிட்டால் இரண்டுமே சரியாகப் பத்து இலக்கம் வரும். 91 ஒட்டினால் பார்ப்பதற்கு நல்ல மொபைல் எண் மாதிரியே இருக்கும், ஆனால் யாரோடும் பொருந்தாது. பட்டியல் பெரிதாகத் தெரியும், விலக்கு நடக்காது. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். அதை வைத்து இவற்றைப் பிரித்துவிடலாம்.

இரண்டு, பிரான்ஸ் எண்கள். புதுச்சேரியில் அம்மா அப்பா இருக்க, பிள்ளைகள் பிரான்ஸிலிருந்து ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்வது சகஜம். அங்கே மொபைல் எண்ணை 06 அல்லது 07-ல் தொடங்கிப் பத்து இலக்கமாக எழுதுவார்கள். 0-ஐ எடுத்தால் ஒன்பது இலக்கம்தான் மிஞ்சும். அதற்கு 91 ஒட்டுவது வீண். +33 என்று எழுதியிருந்தால் அப்படியே விட வேண்டும். எழுதாமல் இருந்தால் தனியாக எடுத்துவைத்து, டெலிவரி முகவரியையும் மின்னஞ்சலையும் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

இந்த இரண்டையும் கவனிக்கும் சிறு பைத்தான் துண்டு:

```python
import re

def clean(p):
    p = p.strip()
    d = re.sub(r"\D", "", p)
    if p.startswith("+") and d[:2] != "91":
        return d
    if d.startswith("00") and d[2:4] != "91":
        return d[2:]
    d = d.lstrip("0")
    if len(d) == 10 and d[0] in "6789":
        return "91" + d
    if len(d) == 12 and d[:2] == "91" and d[2] in "6789":
        return d
    return ""
```

காலியாகத் திரும்பி வருபவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், தனி ஃபைலில் வையுங்கள். முன்னால் + அல்லது 00 இல்லாத எண்ணில் நீளத்தைப் பார்த்த பிறகுதான் 91 இருக்கிறதா என்று பார்க்கிறோம், அதைக் கவனியுங்கள். 91-ல் தொடங்கும் பத்து இலக்க மொபைல் எண்களும் உண்டு. 91 தெரிந்தவுடன் அதை நாட்டுக் குறியீடு என்று வெட்டினால் அந்த எண்கள் எல்லாம் எட்டு இலக்கமாகிவிடும்.

அடுத்து எக்செல். பன்னிரண்டு இலக்க எண் உள்ள ஃபைலை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் `9.19443E+11` என்று காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் ஃபைலிலும் போகும். கடைசி இலக்கங்கள் எல்லாம் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. அந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றித்தான் இறக்குமதி செய்ய வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஃபைலை நோட்பேடில் ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே முழு எண்ணும் தெரிந்தால்தான் சரி.

எண் மட்டும் போதாது. பில்லில் மனைவியின் எண் இருக்கும், இன்ஸ்டாகிராம் கணக்கு வேறு எண்ணிலோ மின்னஞ்சலிலோ இருக்கும். கிடைக்கிற அடையாளம் எல்லாவற்றையும் ஒரே வரியில் கொடுங்கள். மெட்டாவின் மாதிரி ஃபைலில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட `phone`, `email` நெடுவரிசைகள் உண்டு. கூடவே பெயருக்கு `fn`, ஊருக்கு `ct`, பின்கோடுக்கு `zip`, நாட்டுக்கு `country`. கடலூருக்கு 607001, புதுச்சேரிக்கு 605001 என்று பின்கோடு, நாட்டுக்கு `IN`. ஊர்ப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். பெயரில் இனிஷியலைக் குடும்பப் பெயர் இடத்தில் போட வேண்டாம், `ln` காலியாகவே இருக்கட்டும். பில்லில் 'குமார் சார்' என்று இருந்தால் 'சார்' போக வேண்டும்.

ஏற்றும்போது உங்கள் பிரவுசரிலேயே ஹாஷ் ஆகித்தான் போகிறது. அதற்காக யாருடைய எண்ணையும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாக வைத்தது. எண் வாங்கும் இடத்திலேயே, பில்லிலும் இணையதளத்திலும், எதற்குப் பயன்படுத்துவோம் என்று எழுதி ஒப்புதல் வாங்குங்கள். ஊழியரின் போனில் உள்ள தொடர்புகளை மொத்தமாக அள்ளி ஏற்றுவது கூடவே கூடாது. அதில் வாங்காதவர்களும் இருப்பார்கள். அவர்களை விலக்கினால் புதியவரையே விலக்கியதாகும்.

மெட்டாவில் மாட்டுவது

`Audiences` பகுதியில் `Create audience`, `Custom audience`, `Customer list` என்று போய் ஃபைலை ஏற்ற வேண்டும். பெயரில் தேதி வைக்காதீர்கள். 'வாங்கியவர்கள் – அனைவரும்' என்று ஒரே பட்டியல் இருந்து, ஒவ்வொரு வாரமும் அதிலேயே புது எண்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல் உருவாக்கினால் விளம்பரங்களில் மாட்டியிருப்பது பழைய பட்டியலாகவே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதோடு இன்னொன்று: இணையதளத்தில் நடப்பதை மெட்டாவுக்குச் சொல்லும் பிக்சல் நிரலில் `Purchase` நடந்தவர்கள், 180 நாள். பட்டியல் வாரம் ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். நேற்று வாங்கியவர் இன்று விளம்பரத்தில் வராமல் இருக்க இது உதவும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது, பலர் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். இணையதள ஆடியன்ஸுக்கு 180 நாள்தான் உச்சவரம்பு. போன தீபாவளிக்கு வாங்கியவர் அடுத்த தீபாவளிக்குள் அதிலிருந்து விழுந்து மறுபடி புதியவராகிவிடுவார். கவுன்டரிலும் வாட்ஸ்அப்பிலும் வாங்கியவர்களைப் பிக்சல் பார்த்ததே இல்லை. முந்திரி மாதிரி பண்டிகையை ஒட்டி வாங்கும் பொருளுக்குப் பட்டியல்தான் அடிப்படை, பிக்சல் துணை.

இரண்டையும், விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்று அமைக்கும் ஒவ்வொரு ஆட் செட்டிலும் விலக்கு இடத்தில் போட வேண்டும். ஆட்களை மெட்டாவே தேடிக்கொள்ளும் அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸ் பயன்படுத்தினாலும் கஸ்டம் ஆடியன்ஸ் விலக்கு கண்டிப்பான எல்லையாகவே இருக்கும். வயது, ஆர்வம் போல அதை வெறும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். விளம்பரக் கணக்கின் அமைப்புகளில் `Audience segments` என்று ஓர் இடம் உண்டு. அதில் `Existing customers` யார் என்று இந்தப் பட்டியலைக் காட்டிக்கொடுக்கலாம். அதைச் செய்ததும் விலக்கு வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது அறிக்கையில் பிரித்துக் காட்டுவதற்கு மட்டும்தான், யாரையும் விலக்காது. ஆனாலும் அதைச் செய்யத்தான் வேண்டும். செய்தால் அறிக்கையின் `Breakdown` பகுதியில் புதியவர், பக்கத்தோடு பழகியவர், பழைய வாடிக்கையாளர் என்று செலவு பிரிந்து தெரியும். விலக்கு பிடித்ததா என்று பார்க்க இதுவே விரைவான வழி. பழைய வாடிக்கையாளர் வரியில் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஓர் ஆட் செட்டில் விட்டுப்போயிருக்கிறது.

இணையதளத்துக்கு வந்து வாங்காமல் போனவர்களை இந்த விலக்கில் சேர்ப்பதா? வேண்டாம் என்பது எங்கள் முடிவு. அவர் இன்னும் வாடிக்கையாளர் ஆகவில்லை. அவர்களுக்கென்று தனி விளம்பரம் ஓடினால் மட்டும் இங்கே விலக்கலாம், இல்லையென்றால் இரண்டு விளம்பரமும் ஒரே ஆளிடம் போகும்.

விலக்கிய பிறகு திரை காட்டுவது

பெரும்பாலான கடைகளில் இந்த வேலை இந்த இடத்தில்தான் கலைந்துபோகிறது. விலக்கு மாட்டிய இரண்டாம் வாரம் முதலாளி கேட்பார்: 'ஏன் தம்பி, ஆர்டர் குறைஞ்சிடுச்சே? ஒரு ஆர்டருக்கு ஐநூறுக்கு மேல ஆகுதே?' அவர் பார்ப்பது உண்மைதான். திரையில் எண் மோசமாகத்தான் ஆகும், ஆகவும் வேண்டும்.

முன்பு சொன்ன அதே கணக்கைத் தொடர்வோம். அதே ₹60,000, இப்போது 112 ஆர்டர். திரை ₹536 என்று காட்டும். அந்த 112-ல் பட்டியலில் பொருந்தாமல் தப்பிய 10 பேர் பழையவர்கள், மீதி 102 பேர் புதியவர்கள். ஒரு புதியவருக்கு ஆன செலவு ₹588. திரையில் 400 என்பது 536 ஆகியிருக்கிறது. ஷீட்டில் 714 என்பது 588 ஆகியிருக்கிறது. அதே பணத்துக்கு 18 புதியவர்கள் கூடுதல். திரையை மட்டும் பார்ப்பவர் விலக்கை எடுத்துவிடுவார். எடுத்த மறுவாரம் ₹400 திரும்பி வரும், எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும், பணம் மறுபடி பழையவர்களிடமே போகும்.

அப்படியானால் விளம்பரத்தில் வராமல் போன 56 பழையவர்கள் என்ன ஆனார்கள்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் விளம்பரத் திரையில் இல்லை, பில்லிங்கில்தான் இருக்கிறது. அந்த மாதம் எல்லா வழியிலும் பழைய வாடிக்கையாளர் போட்ட மொத்த ஆர்டரை முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள். மொத்தம் அப்படியே இருந்தால், அவர்கள் விளம்பரம் இல்லாமலே வந்திருக்கிறார்கள். குறைந்திருந்தால் விளம்பரம் அவர்களுக்கு நினைவூட்டலாகவும் வேலை செய்திருக்கிறது. அந்த நினைவூட்டலை வேறு வழியில் கொடுக்க வேண்டும். பண்டிகை மாதத்தைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தை ஆடி மாதத்தோடு வைத்துப் பார்த்தால் எந்த முடிவும் தப்பாகத்தான் வரும்.

மறு ஆர்டர் பொத்தானாக விளம்பரத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு மாற்று வழி தேவை. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் பாக்கெட்டில் ஒரு கியூஆர் ஸ்டிக்கரும், 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்ற வரியும் ஒட்டுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு விளம்பரம் வேண்டும் என்றால் தனி கேம்பைனாக, தனித் தொகையோடு, இதே பட்டியலை விலக்காக இல்லாமல் இலக்காக வைத்து ஓட்டலாம். தீபாவளிக்கு முன் அது நல்லதும்கூட. இரண்டு பணமும் கலக்காமல் இருந்தால் போதும்.

விலக்கியும் பழையவருக்குப் போகும்போது

ஒரு வாடிக்கையாளர் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி 'எனக்கு இன்னும் வருதே' என்பார். பதற வேண்டியதில்லை, ஆனால் தேடிப் பார்க்க வேண்டும். முதலில் அவர் எண் சுத்தமான ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவருடைய ஃபேஸ்புக் கணக்கு வேறு எண்ணில் இருக்கலாம், அதற்கு நம்மால் எதுவும் செய்ய முடியாது. சமீபத்தில் வாங்கியவர் என்றால் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், சேர்த்த எண்கள் உடனே அமலுக்கு வருவதில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் பூஸ்ட். கடையில் யாராவது இன்ஸ்டாகிராமில் ஒரு ரீலுக்கு அப்படியே போனிலிருந்து பூஸ்ட் போட்டிருப்பார்கள். அது தனி கேம்பைனாக ஓடும். நீங்கள் ஆட் செட்டில் மாட்டிய விலக்கு எதுவும் அதற்குக் கிடையாது. பூஸ்ட் பொத்தானைத் தொட வேண்டாம் என்று கடையில் சொல்லிவையுங்கள்.

கூகுளிலும் இதே பட்டியலை `Customer Match` வழியாக ஏற்றலாம். அங்கே எண்ணுக்கு முன்னால் + குறி வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் கேம்பைனில் புதியவர்களுக்கு மட்டும் ஏலம் கேட்கும்படி ஓர் அமைப்பும் உண்டு. மெட்டாவுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று: 2025 ஏப்ரலிலிருந்து கூகுள் பட்டியலில் ஒருவர் அதிகபட்சம் 540 நாள்தான் இருப்பார். ஒரு முறை ஏற்றிவிட்டு மறந்தால் ஒன்றரை வருடத்தில் பட்டியல் தானாகக் காலியாகும், எச்சரிக்கை மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள். அதனால் கூகுளுக்கு வாரா வாரம் புது எண்களோடு நிறுத்தாமல், வருடத்துக்கு ஒரு முறை முழு ஃபைலையும் திரும்ப ஏற்ற வேண்டும். தீபாவளி விளம்பரம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு அதை வைத்துக்கொண்டால் புதிதாகச் சேர்த்த எண்கள் பொருந்தவும் நேரம் கிடைக்கும்.